கவர் 25, லேப் 50டி: வரைபடக் குறிப்பில் விழும் ஓட்டைகள்

வீடு கட்டத் தொடங்குகிறவரிடம் இன்ஜினீயர் கொடுக்கும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை விரித்தால் பூட்டிங், காலம், பீம், தளம் எல்லாம் கோடும் எண்ணுமாக இருக்கும். தாளின் வலது ஓரத்தில், கையெழுத்துக் கட்டத்துக்கு மேலே, பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். அதற்கு ‘ஜெனரல் நோட்ஸ்’ என்று பெயர். வீட்டுக்காரர் அதை வாசிப்பதில்லை. பல அலுவலகங்களில் அது போன வேலையின் வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்படுவதால், ஒட்டுகிறவரும் வாசிப்பதில்லை.

ஆனால் கட்டடம் முழுவதற்கும் பொதுவான மூன்று முடிவுகள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. கான்கிரீட் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும், கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட் மூடி நிற்க வேண்டும், ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பி தொடங்கும் இடத்தில் இரண்டும் எவ்வளவு நீளம் ஒன்றன் பக்கத்தில் ஒன்று ஓட வேண்டும் என்பவை அவை. சைட்டில் இவற்றுக்கு கிரேடு, கவர், லேப் என்று பெயர். படத்தில் ஒவ்வொரு காலத்துக்கும் இவற்றைத் திரும்ப எழுத மாட்டார்கள். ஓரக் குறிப்பில் ஒரு வரி தடுமாறினால் வீட்டின் அத்தனை காலமும் சேர்ந்து தடுமாறும்.

கோயம்புத்தூரில் தரைத்தளமும் முதல் மாடியுமாக ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலம் 300-க்கு 300 மி.மீ. ஒவ்வொன்றிலும் 16 மி.மீ. கம்பி எட்டு, அவற்றைச் சுற்றி 8 மி.மீ. ரிங். பீம் 230-க்கு 450. கம்பி எஃப்இ 500 தரம். வரைபடத்தின் ஓரத்தில் இப்படி இருக்கிறது:

“கான்கிரீட் எம் 25 (1:1:2). கவர் 25 மி.மீ. லேப் 50டி. மற்றவை ஐ.எஸ். 456-ன்படி.”

தமிழ்நாட்டில் கட்டப்படும் எத்தனையோ வீடுகளின் வரைபடத்தில் ஏறக்குறைய இதே வரிகளைப் பார்க்கலாம். படித்தால் தெளிவாகத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மூன்று பொருள் உண்டு. ஒரு குறிப்பை இரண்டு விதமாகப் படிக்க முடியுமானால், சைட்டில் நடப்பது செலவு குறைந்த விதம்தான். இதில் ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் சதுர அடிக்கு விலை சொன்னபோதே தனக்குத் தெரிந்த பொருளை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார். பிறகு இன்ஜினீயர் வந்து கேட்டால், “ஏனுங்க சார், கவர் இருபத்தஞ்சுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?” என்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிழை தாளில் இருக்கிறது.

முதல் வரியை எடுப்போம். எம் 25 என்றால், அந்தக் கான்கிரீட்டில் 15 செ.மீ. பக்கமுள்ள க்யூப் செய்து, 28 நாள் தண்ணீரில் பதப்படுத்தி, எந்திரத்தில் வைத்து நசுக்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வரை தாங்க வேண்டும். க்யூப் முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் 57 டன் சுமை. எம் 25 என்பது இப்படி ஒரு விளைவைச் சொல்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1:1:2 ஒரு சமையல் குறிப்பு: ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு ஜல்லி. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த வரி சொல்லாமல் சொல்கிறது. அவை ஒன்றல்ல.

மேஸ்திரியின் கண்ணுக்குப் படுவது விகிதம்தான். 25 நியூட்டனை அவரால் பாண்டில் அள்ள முடியாது, 1:1:2-ஐ அள்ள முடியும். அள்ளும்போது எத்தனையோ விஷயம் மாறுகிறது. ஈர மணல் உப்பும், அதன் கன அளவு கால் பங்கு வரைகூடக் கூடும். அதனால் மழைக்கு மறுநாள் அள்ளிய ஒரு பாண்டில் உண்மையான மணல் குறைவு. ஜல்லியைக் குவித்து அள்ளுகிறார்களா, தட்டி அள்ளுகிறார்களா என்பது சித்தாளுக்குச் சித்தாள் மாறும். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது தண்ணீர். விகிதத்தில் தண்ணீருக்கு இடமே இல்லை. கான்கிரீட்டின் வலுவோ சிமென்ட்டுக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்தே நிற்கிறது. 1:1:2 என்று கச்சிதமாக அள்ளிவிட்டு, இழுத்துப் பரப்ப வசதியாக இரண்டு குடம் கூடுதலாக ஊற்றினால், குறிப்பின்படி வேலை செய்தவராகவும் இருக்கலாம், எம் 25-ஐ எட்டாதவராகவும் இருக்கலாம்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், விகிதத்தை வைத்துக் கலப்பதை எம் 20 வரைதான் அனுமதிக்கிறது. எம் 25 வேண்டுமென்றால், எந்த மணல், எந்த ஜல்லி கிடைக்கிறதோ அதைச் சோதித்து எடைக் கணக்கில் கலவையை வடிவமைக்க வேண்டும். அதைத்தான் மிக்ஸ் டிசைன் என்கிறார்கள். ஆகவே “எம் 25 (1:1:2)” என்ற வரி, தான் நான்காவது வரியில் மேற்கோள் காட்டும் விதிநூலுக்கே முரணாக நிற்கிறது. சில தாள்களில் “எம் 20/எம் 25” என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். அந்தச் சாய்கோட்டுக்கு ‘அல்லது’ என்றுதான் பொருள் கொள்வார்கள், குறைந்ததைத்தான் போடுவார்கள்.

இந்த வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பூட்டிங், காலம், பீம், தளம், படிக்கட்டு அனைத்தும் எம் 25. மிக்ஸ் டிசைன்படி, எடை போட்டுக் கலந்த கான்கிரீட் மட்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல், ஜல்லியில் இருக்கும் ஈரமும் இந்த 25 லிட்டரில் அடக்கம். கலந்து முடிந்த கான்கிரீட்டில் சைட்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. க்யூப் எடுக்க வேண்டிய இடம், கான்கிரீட் கொட்டும் இடம். 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரி. ஒரு மாதிரிக்கு மூன்று க்யூப். சோதனைச் செலவு கான்ட்ராக்டருடையது.”

25 லிட்டர் எங்கிருந்து வந்தது என்றால், இந்த வீடு போன்ற மிதமான சூழலில் தண்ணீரின் எடை சிமென்ட்டின் எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது அதே விதிநூலின் வரம்பு. வரம்பை 0.50 என்று எழுதினால் அது இன்ஜினீயருக்குப் புரியும். மூட்டைக்கு 25 லிட்டர் என்று எழுதினால் மிக்சர் எந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கும் புரியும். ரெடிமிக்ஸ் லாரி வந்தாலும் இந்த வரி வேண்டும். பம்பில் ஓடவில்லை என்று சொல்லி லாரியின் டிரம்மில் ஹோஸைச் செருகுவது அன்றாடம் நடப்பது. எழுத்தில் தடை இருந்தால்தான் சைட்டில் நிற்கும் சூப்பர்வைசருக்கு அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் வரும்.

கவருக்கு வருவோம். மூன்றில் மிகவும் தவறாகப் படிக்கப்படுவது இதுதான், பலரும் அலட்சியமாக எழுதுவதும் இதைத்தான்.

கம்பியைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. வெளிக்காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே போகும். கவர் குறைந்தால் அது கம்பியைச் சீக்கிரம் எட்டிவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய கட்டடங்களில் காலத்தின் மூலையில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக விரிசல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டுக்கு நேர் உள்ளே மூலைக் கம்பி இருக்கும்.

“கவர் 25 மி.மீ.” என்ற வரியில் முதல் ஓட்டை, எதற்கு 25 என்று சொல்லாதது. மண்ணுக்குள் இருக்கும் பூட்டிங்குக்கு விதிநூல் கேட்பது குறைந்தது 50. காலத்துக்கு 40. மிதமான சூழலில் இருக்கும் பீமுக்கு 30. எல்லாவற்றுக்கும் பொதுவாக 25 என்று எழுதினால் இந்த மூன்றுக்கும் அது போதாது.

இரண்டாவது ஓட்டை ஆழமானது: எதிலிருந்து எதுவரை? கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து ரிங் வரையா, ரிங்குக்கு உள்ளே இருக்கும் முக்கியக் கம்பி வரையா? இதில் குழப்பம் வரக் காரணம் இருக்கிறது. ஐ.எஸ். 456-ன் 1978 பதிப்பு பீமிலும் காலத்திலும் முக்கியக் கம்பிக்குக் கவர் சொன்னது. 2000 பதிப்பு, ரிங் உட்பட எல்லாக் கம்பிக்கும் வெளியே இருக்க வேண்டிய கனம்தான் கவர் என்று மாற்றிவிட்டது. ஆனால் அதே புதிய பதிப்பில், காலத்தின் 40 மி.மீ. பற்றிய வரி மட்டும் நெடுக்குக் கம்பியைக் குறித்தே பேசுகிறது. இரண்டு இன்ஜினீயர்கள் அதே பக்கத்தைப் படித்து இரண்டு முடிவுக்கு வரலாம். விதிநூலிலேயே இவ்வளவு இடம் இருக்கும்போது “ஐ.எஸ். 456-ன்படி” என்று எழுதிவிட்டு நகர்வது பொறுப்பைக் கம்பி கட்டுபவரின் தலையில் வைப்பது ஆகும். அவரிடம் அந்தப் புத்தகம் இருக்காது.

நம் காலத்தில் இதை அளந்து பார்ப்போம். 300 மி.மீ. அகலம். ரிங்கின் வெளிமுகம் வரை 40 என்று படித்தால், இரு பக்கமும் 80 போக, ரிங்கின் வெளி அளவு 220. முக்கியக் கம்பி வரை 40 என்று படித்தால், 8 மி.மீ. ரிங் கவருக்குள்ளேயே உட்காரும். அப்போது ரிங் 236, அதற்கு வெளியே மிஞ்சுவது 32. தாளில் இருக்கும் 25-ஐ அப்படியே எடுத்தால் ரிங் 250. ஒரே காலம், மூன்று ரிங்.

கம்பி வளைக்கும் பலகையில் ஆணி அடித்து, முந்நூறு நானூறு ரிங்குகளை ஒரே அளவில் வளைத்து அடுக்கிவிடுவார்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு வெகுமுன்பே இது நடந்து முடிந்துவிடும். ரிங் 250 ஆக வளைந்துவிட்டால், பிறகு 40 மி.மீ. கவர் பிளாக் கொண்டுவந்து கட்டினால் சென்டரிங் பலகை மூடாது. மூடாததால் கவர் பிளாக்கைக் கழற்றி எறிவார்கள், அல்லது ஒரு பக்கம் 40 வைத்து எதிர்ப்பக்கம் 10-க்குத் தள்ளுவார்கள். கவர் பிளாக் வைக்கவில்லை என்று அன்றைக்குக் கம்பி கட்டுபவரைத் திட்டுவது வீண். ஆணி அடித்த அன்றே கவர் எவ்வளவு என்பது முடிவாகிவிட்டது. ஆகவே கவரைப் பற்றிய குறிப்பில் ரிங்கின் அளவு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கவர் எண்ணை மட்டும் எழுதும் பழக்கத்தை விட வேண்டும்.

மூன்றாவது ஓட்டை பூச்சு. காலத்தின் மேல் 12 மி.மீ. சிமென்ட் பூச்சு வரப்போகிறது, அதையும் சேர்த்தால் 25-தான் 37 ஆகிவிடுகிறதே என்று சொல்பவர்கள் உண்டு. பூச்சு கவரில் சேராது. ஆனால் அதை எழுதிவைக்க வேண்டும்.

நான் எழுதும் வரி:

“கவர் என்பது கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து மிக அருகில் உள்ள கம்பியின் (ரிங் இருந்தால் ரிங்கின்) வெளிமுகம் வரை உள்ள இடைவெளி. பூச்சு இதில் சேராது. பூட்டிங் 50, காலம் 40, பீம் 30, சன்ஷேடு, பால்கனி 30, உள் அறைத் தளத்தின் அடிப்பக்கம் 20 மி.மீ. 300 x 300 காலத்துக்கு ரிங்கின் வெளி அளவு 220 x 220. 230 x 450 பீமுக்கு ரிங்கின் வெளி அளவு 170 x 390. கவர் இதைவிடக் குறையக் கூடாது, 10 மி.மீ.க்கு மேல் கூடவும் கூடாது. சிமென்ட் கலவையில் வார்த்த கவர் பிளாக் மட்டும், மீட்டருக்கு ஒன்று. ஜல்லிக்கல், ஓட்டுத்துண்டு, மரக்கட்டை வைக்கக் கூடாது.”

“கூடவும் கூடாது” என்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். கவர் கூடினால் நல்லதுதானே? தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 125 மி.மீ. தளம், அடியில் 10 மி.மீ. கம்பி, கவர் 20. தளத்தின் மேல்முகத்திலிருந்து கம்பியின் நடு வரை 100 மி.மீ. இருக்கும். தளம் வளையாமல் தாங்குவது இந்த 100 மி.மீ. தூரத்தை நம்பித்தான். யாரோ 20 பிளாக் தீர்ந்துவிட்டது என்று காலத்துக்கு வந்த 40 பிளாக்கை வைத்தால் அந்தத் தூரம் 80 ஆகிறது. தாங்கும் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பல தாள்களில் “இரண்டு குறிப்பு மாறுபட்டால், எது கூடுதலோ அதைப் பின்பற்றவும்” என்று ஒரு வரி இருக்கும். கவர் விஷயத்தில் அந்த வரி ஆபத்தானது. மாறுபட்டால் வேலையை நிறுத்தி எழுத்தில் கேட்கச் சொல்வதுதான் சரி.

இனி லேப். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றாலோ, நீளத்தைத் தூக்கி நிறுத்தச் சிரமம் என்று வெட்டினாலோ, ஒன்றன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுவார்கள். கட்டுக்கம்பி எந்தச் சுமையையும் கடத்தாது. முதல் கம்பியில் வரும் இழுவிசை சுற்றியிருக்கும் கான்கிரீட்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டாவது கம்பிக்குப் போகிறது. அந்தப் பிடிமானத்துக்குப் போதிய நீளம் வேண்டும், அதுதான் லேப்.

“50டி” என்பதில் ‘டி’ கம்பியின் விட்டம். இன்ஜினீயருக்கு இது தெரிந்தது. ஆனால் அதே தாளில் சில வரிகள் தள்ளி, “காலம் முகத்திலிருந்து 2டி தூரத்துக்குள் பீம் கம்பியில் லேப் கூடாது” என்று இருக்கும். இந்த ‘டி’ பீமின் பயனுறு ஆழம். நம் பீமுக்கு 2டி என்றால் 800 மி.மீ.க்குச் சற்று மேல். முதல் ‘டி’யைப் பழகிய கண்ணோடு படித்தால் 16 மி.மீ. கம்பிக்கு 2டி என்பது 32 மி.மீ. ஆகிவிடும்! தாளில் எழுத்தைப் போடாமல் மில்லிமீட்டரைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சைட்டில் பெருக்கிப் பார்ப்பவர்களும் குறைவு. கம்பி கட்டுபவர்களிடம் “லேப் எவ்வளவு விடுவீங்க?” என்று கேட்டால் “ரெண்டு அடி விடுவோமுங்க” என்பார்கள். எம் 25 கான்கிரீட்டில் எஃப்இ 500 கம்பிக்கு இழுவிசையில் கணக்குப்படி 49 மடங்கு விட்டம் வேண்டும், அதைத்தான் 50 என்று முழுமையாக்கி எழுதுகிறோம். 12 மி.மீ. கம்பிக்கு 600 மி.மீ. இரண்டு அடி சரியாகப் பொருந்துகிறது. 16-க்கு 800, அதாவது இரண்டு அடி ஏழரை அங்குலம். 20-க்கு 1,000, மூன்றேகால் அடி. அவர் பழக்கம் 12 மி.மீ. கம்பியில் உருவானது. நம் வீட்டுக் காலத்தில் அதே பழக்கம் எட்டுக் கம்பியிலும் 190 மி.மீ. குறைவாக விட்டுவிடும்.

இந்த 49 தனியாக நிற்கும் எண் அல்ல. கான்கிரீட் எம் 20-க்கு இறங்கினால் அது 57 ஆகிவிடும். கடையில் 500 இல்லை என்று எஃப்இ 550 கம்பி இறக்கி, அதன் முழு வலுவும் வேலைக்கு வர வேண்டுமென்றால் எம் 25-லேயே 54 வேண்டும். கவரும் உள்ளே நுழைகிறது. பீமின் மேல்பக்கக் கம்பியில், கம்பிக்கு மேலே உள்ள கான்கிரீட் விட்டத்தின் இரு மடங்குக்குக் குறைந்தால் லேப்பை 1.4 ஆல் பெருக்கச் சொல்கிறது விதிநூல். நம் பீமில் ரிங்குக்குக் கவர் 30, ரிங் 8, ஆக 16 மி.மீ. கம்பிக்கு மேலே 38 இருக்கிறது. இரு மடங்கான 32-ஐவிட அதிகம், 800 போதும். கவர் 20 ஆகக் குறைந்துவிட்டால் 28-தான் இருக்கும். அப்போது அதே கம்பிக்கு 1,120 வேண்டும். கவரில் விழுந்த ஓட்டை லேப்பில் வந்து நிற்கிறது. மூன்று குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

நீளத்தைவிடச் சிக்கலானது இடம். காலத்தில் லேப்பைத் தளத்துக்குச் சற்று மேலே போடுவதுதான் நம் ஊர் வழக்கம். தளம் போட்டதும் கம்பி ஒன்றிரண்டு அடி நீட்டிக்கொண்டு நிற்கும், அங்கேயே அடுத்ததைக் கட்டிவிடுவார்கள், வசதி. ஆனால் கோயம்புத்தூரும் சென்னையும் நில அதிர்வு மண்டலம் மூன்றில் இருப்பதாக ஐ.எஸ். 1893 விதிநூலின் 2002 பதிப்பு வகைப்படுத்தியது. மூன்றாம் மண்டலத்திலிருந்து ஐ.எஸ். 13920 கட்டாயமாகிறது. நிலம் அதிரும்போது காலத்தின் அடியும் தலையும்தான் அதிகம் வளையும். அதனால் லேப்பைக் காலத்தின் தெளிவான உயரத்தில் நடுப் பாதிக்குள் மட்டும் போட வேண்டும், ஒரே இடத்தில் பாதிக் கம்பிக்கு மேல் லேப் கூடாது, காலம் அழுத்தத்தில் நிற்கிறது என்று சொல்லி நீளத்தைக் குறைக்காமல் இழுவிசைக்கான முழு நீளம் விட வேண்டும் என்கிறது அது.

இதைப் படித்த இன்ஜினீயர் தாளில் எழுதுவார்: “காலத்தில் லேப் நடுப் பாதியில் மட்டும், மாற்றி மாற்றி விடவும்.” விதிநூலுக்கு ஒத்த வரி. ஆனால் செய்து பாருங்கள். பீமின் அடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே 2,600 மி.மீ. என்றால் நடுப் பாதி 1,300. முதல் நான்கு கம்பிக்கு லேப் 800. மற்ற நான்கின் லேப், நடுவுக்கு நடு லேப் நீளத்தின் 1.3 மடங்கு, அதாவது 1,040 தள்ளி இருந்தால்தான் வேறு இடம் என்று ஐ.எஸ். 456 கணக்கில் எடுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 1,840 மி.மீ. வேண்டும். இருப்பது 1,300. எட்டுக் கம்பியையும் ஒரே மாடியில் விதிப்படி இணைக்க இடமே இல்லை. செய்ய முடியாத குறிப்பைப் பார்த்த கம்பி கட்டுபவர் அதை முழுவதுமாக விட்டுவிட்டுத் தன் வழக்கப்படி அடியிலேயே கட்டிவிடுவார்.

தீர்வு வரைபட மேசையில் இருக்கிறது. நான்கு கம்பியைத் தரைத்தளத்தின் நடுவில் இணைப்பது, மற்ற நான்கை முதல் மாடியின் நடுவில் இணைப்பது. இரண்டு மாடி வீட்டில் 12 மீட்டர்க் கம்பி பூட்டிங்கிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே துண்டாகவே வந்துவிடும், சாரம் கட்டித் தாங்கினால் லேப்பே வேண்டாம். எதைச் செய்ய வேண்டும் என்று இன்ஜினீயர்தான் தேர்ந்து சொல்ல வேண்டும். இப்படி எழுதலாம்:

“கம்பி எஃப்இ 500. லேப் நீளம்: 8 மி.மீ. கம்பிக்கு 400, 10-க்கு 500, 12-க்கு 600, 16-க்கு 800, 20-க்கு 1,000 மி.மீ. இரு வேறு கம்பியை இணைத்தால் சிறிய கம்பியின் நீளம். காலம்: 1, 3, 5, 7 எண் கம்பிகள் தரைத்தளத்தில், 2, 4, 6, 8 எண் கம்பிகள் முதல் மாடியில். லேப், தளத்திலிருந்து 650 மி.மீ.க்கு மேல் தொடங்கி 1,950 மி.மீ.க்குள் முடிய வேண்டும். பீம்: மேல் கம்பியில் லேப் நடுப்பகுதியில், அடிக் கம்பியில் நடுப்பகுதியில் கூடாது. எந்தக் கம்பியிலும் காலம் முகத்திலிருந்து 900 மி.மீ.க்குள் கூடாது. வேறு தரக் கம்பி வந்தால் வெட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்கவும்.”

கம்பி எண்களைக் காலத்தின் படத்திலேயே குறித்துவிட வேண்டும். 2டி-யை 900 என்று எழுதியது தெரிந்தே செய்ததுதான். பீமின் முழு உயரத்தை இரண்டால் பெருக்கினால் 900, டேப்பில் பிடிக்க எளிது, கேட்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும்.

இவ்வளவும் எழுதினால் குறிப்பு நீண்டுவிடும் என்பார்கள். நீளட்டும். அதற்கு ஈடாகக் குறைக்க வேண்டியவை தாளில் நிறைய இருக்கின்றன. அணைக்கும் பாலத்துக்கும் எழுதிய வரிகள் வீட்டு வரைபடத்தில் கிடக்கும், அவற்றை எடுத்துவிடலாம். “போதுமான கவர்”, “தேவையான லேப்”, “நல்ல தரமான கான்கிரீட்” போன்ற சொற்களுக்கு அளவு கிடையாது, அவையும் போகட்டும். “ஐ.எஸ். 456-ன்படி” என்ற வரி கடைசியில் இருக்கலாம், ஆனால் மேலே சொன்ன மூன்றில் எதையும் அது சுமக்கக் கூடாது. குறிப்புகளைத் தமிழில் எழுதுவதும் அவசியம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத் தாளை வாசித்து வாய்மொழியாகச் சொல்பவர் ஒருவர், கேட்டுச் செய்பவர் ஒருவர் என்று இருக்கும்வரை, எவ்வளவு கச்சிதமாக எழுதினாலும் பலகையில் ஆணி அடிக்கும் இடத்துக்கு அது போய்ச் சேருவதில்லை.

வீடு கட்டப்போகிறவர்கள், கம்பிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, இன்ஜினீயரிடம் மூன்று விஷயத்தை மில்லிமீட்டரிலும் லிட்டரிலும் எழுதி வாங்குங்கள்: மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ஒவ்வொரு காலத்துக்கும் பீமுக்கும் ரிங்கின் வெளி அளவு என்ன, ஒவ்வொரு கம்பிக்கும் லேப் எவ்வளவு, எங்கே. அதன் நகலில் கான்ட்ராக்டரும் கையெழுத்துப் போடட்டும். பிறகு முதல் ரிங்கை வளைத்ததும், இரண்டாவதை வளைப்பதற்கு முன், டேப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.